குறை எழுதும் கட்டம்

தேநீர் அறையில் யாரோ வெந்நீர் வைத்திருந்தார்கள்.

கெட்டில் கொதிப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் உறக்கத்தில் புரள்பவர் விடும் மெல்லிய முனகல், பிறகு அடித்தொண்டைக் கரகரப்பு, அப்புறம் மூடி நடுங்கும் அளவுக்கு ஒரு குமுறல், கடைசியில் தானாக அணையும்போது வரும் 'டக்'. அந்த 'டக்'கைக் கேட்ட பிறகுதான் மேலாளர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். குளிர்சாதனம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மேசை விளிம்பில் ஆறிப்போன காப்பியின் புளித்த வாசனை, கம்பளத்தின் தூசி வாசனை, ஜன்னலுக்கு வெளியே தொலைவில் திரும்பும் ஒரு லாரியின் உறுமல். மாடி முழுக்க இருட்டு. அவர் அறைக் கண்ணாடிக்கு அப்பால் நாற்காலிகள் எல்லாம் மேசைக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு நின்றன.

காவலாளியாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் காவலாளி மேலே ஏறி வர மாட்டார். இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பராமரிக்கும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறித்தான் வர வேண்டும் என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்லக் கூடாதென்று தனியாக ஒரு சுற்றறிக்கையே இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். தேநீர் அறையில் யாரும் இல்லை. கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தார். காலி.

பழைய கெட்டில், தானாகச் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது கொஞ்சம் வேகமாக நடந்தார். அதற்குக் காரணம் வேலை நிறைய இருப்பதுதான் என்று அதையும் சொல்லிக்கொண்டார்.

வேலை நிறையத்தான் இருந்தது. ஆண்டு மதிப்பீட்டு இணையத்தளம் மறுநாள் காலையில் மூடிவிடும். நிறுவனம் அதற்கு வைத்திருந்த பெயர் 'வளர்ச்சிப் பயணம்'. ஆண்டு தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இலக்குகளும், ஒவ்வோர் இலக்குக்கும் ஓர் எடையும் தரப்படும். நடு ஆண்டில் ஒரு பார்வை. முடிவில் ஊழியர் தன்னைப் பற்றித் தானே எழுதுவார், மேலாளர் அதன் கீழே தன் கருத்தையும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணையும் இடுவார். அதற்கப்புறம் மேலாளர்கள் எல்லோரும் ஓர் அறையில் கூடி அந்த எண்களை அடித்துத் திருத்துவார்கள். அந்தக் கூட்டத்துக்குச் 'சமன் செய்தல்' என்று பெயர். கடைசியில் ஊழியரை எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும். அதற்குக் 'கலந்துரையாடல்' என்று பெயர். பேசியதாகக் கட்டத்தில் குறியிட்டால்தான் தளம் அடுத்த பக்கத்துக்கு விடும். எல்லா மேலாளர்களும் முதலில் குறியிட்டுவிட்டு, நேரம் கிடைத்தால் பிறகு பேசுவார்கள். நேரம் யாருக்கும் கிடைத்ததில்லை.

கைப்பேசி ஒளிர்ந்தது. மனைவி.

"இன்னும் எத்தனை பேருக்கு மார்க் போடணும்?"

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நீ தூங்கு."

"ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமா? எனக்கு விட்டா உங்களுக்கே ரெண்டு நிமிஷத்துல போட்டுடுவேன்."

"எவ்வளவு போடுவ?"

"அதெல்லாம் சமன் செஞ்சுட்டுத்தான் சொல்ல முடியும்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு நின்றதும் மாடியின் அமைதி முன்பைவிடக் கனத்தது.

பாக்கியிருந்த அந்த ஒருத்தி இறந்துபோனவள்.

பிரிவில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. லிஃப்ட் நின்றுவிட்டதென்று வரும் புகார்களைப் பதிந்து, மெக்கானிக்கை அனுப்பி, சரியானதும் புகாரை மூடுவது அவள் வேலை. ஆண்டின் ஒன்பதாம் மாதம் வரை அதைச் செய்தாள். பத்தாம் மாதத்தில் அவள் மேசையில் யாரோ அச்சுப்பொறிக் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்தார்கள்.

பட்டியலில் மட்டும் இருந்தாள். அன்று பிற்பகல் நடந்த சமன் செய்தல் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"பிரிவுக்கு ஒரு அஞ்சு, ஒரு ரெண்டு, மத்தவங்க நடுவுல," என்றார் இயக்குநர். "இது நான் போட்ட விதி இல்லைங்க. கணிதம்."

"என் பிரிவுல ரெண்டு வாங்குற ஆள் யாரும் இல்லையே சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எல்லாருடைய ஆளும் சராசரிக்கு மேலன்னா, பாவம், அந்தச் சராசரி எங்க போய் நிக்கும்?"

சிரித்தார்கள். இயக்குநர் சிரித்தால் எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்பதில் அந்த அறையில் எல்லோரும் ஐந்து வாங்குபவர்கள்.

கிடங்கு மேலாளர்தான் வழியைக் காட்டினார். "எதுக்கு மண்டையை உடைச்சுக்கிறீங்க? உங்ககிட்டதான் போனவங்க கோட்டா இருக்கே."

அது அங்கே பழகிப்போன ஏற்பாடு. கீழ்மட்ட எண் யாருக்காவது போய்த்தான் ஆக வேண்டும் என்பதால், வேலையை விட்டுப் போனவர், மாற்றலானவர், பிரசவ விடுப்பில் இருப்பவர் என்று எதிரே உட்கார்ந்து ஏன் என்று கேட்க முடியாத ஒருவர் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். இருப்பவர்கள் பிழைப்பார்கள். மனிதாபிமானமான ஏற்பாடு என்றுதான் அதை எல்லோரும் நினைத்தார்கள்.

மேலாளர் மனிதவளத்துறை அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்திருந்தா பட்டியல்ல வரும் சார். அவங்க ஒன்பது மாசம் பார்த்திருக்காங்க. டெக்னிகலா... வருவாங்க."

"அப்புறம் என்ன?" என்றார் இயக்குநர். "யாருக்கு நஷ்டம்?"

நஷ்டம் யாருக்கென்று மேலாளருக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கு ரெண்டு போடாவிட்டால் அது புதுசுக்குப் போகும். புதுசு என்பது ஒரு பையனின் பட்டப்பெயர். சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் மாறவில்லை. போன ஆண்டு போனவர்கள் யாரும் இல்லாததால் அந்த ரெண்டு அவனுக்குத்தான் போயிற்று. தொடர்ந்து இரண்டு முறை ரெண்டு வாங்கினால் 'மேம்பாட்டுத் திட்டம்' என்ற ஒன்றில் போடுவார்கள். மூன்று மாதம். அதிலிருந்து மேம்பட்டு வெளியே வந்தவர் யாரும் இல்லை. வெளியே மட்டும் வந்திருக்கிறார்கள். அவன் வீட்டில் கைக்குழந்தை. வேலையில் அவன் மோசமில்லை, மெக்கானிக் திரும்பக் கூப்பிட்டு உறுதி சொல்லும் முன்பே புகாரை மூடிவிடும் அவசரக்காரன். உண்மையைச் சொன்னால் இரண்டரை. தளத்தில் அரை கிடையாது.

அவளுக்கோ, உண்மையைச் சொன்னால், ஐந்து.

அவர் அவளுடைய ஒன்பது மாதத்தைத் திறந்து பார்த்தார். எண்களைப் பார்த்தால் குறைவுதான். ஒரே லிஃப்ட் மாதத்தில் மூன்று முறை நின்றால், மற்றவர்கள் மூன்று புகாராகப் பதிந்து மூன்றையும் மூடுவார்கள். மூடிய எண்ணிக்கை ஏறும், இலக்கு நிறையும். அவள் மட்டும் மூன்றையும் சேர்த்துக் கட்டி, "கதவு உருளை தேய்ந்திருக்கிறது, மாற்றாமல் மூட வேண்டாம்" என்று எழுதியிருப்பாள். அப்புறம் அந்த லிஃப்ட் நிற்காது, புகாரும் வராது, அவளுடைய எண்ணிக்கை குறையும். வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய மதிப்பெண் இறங்கும்படி அந்த இலக்கை வடிவமைத்தவருக்கு அந்த ஆண்டு ஐந்து கிடைத்தது.

அவளுக்கு நிகரான ஆள் அந்த அலுவலகத்தில் இல்லை. போன ஆண்டே அவர் ஐந்துதான் போட்டிருந்தார்.

சமன் செய்தலில் அது மூன்றாயிற்று. அவருக்கு ஒதுக்கிய ஐந்தை இயக்குநர் வேறு பிரிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவரும் தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் படிவம் திரும்பி வந்தது: மதிப்பெண்ணுக்கும் கருத்துக்கும் பொருத்தமில்லை. மூன்று வாங்கிய ஒருத்திக்கு ஒரு குறைகூட இல்லையென்றால் எப்படி? 'முன்னேற வேண்டிய இடம்' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது, குறைந்தபட்ச எழுத்தளவு உண்டு. யோசிக்க நேரமில்லாதவர்களுக்காகத் தளத்தில் ஒரு கருத்து வங்கி இருந்தது. அவர் அதைத் திறந்து கண்ணில் முதலில் பட்ட வரியைத் தட்டினார்:

'தேவைப்படும் நேரங்களில் அணுகக்கூடியவராக இருப்பதில் மேலும் வளர வாய்ப்புண்டு.'

கலந்துரையாடல் நடந்ததாகக் குறியும் போட்டார்.

இரண்டு நாள் கழித்து அவள் அவர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், ஒரு நிமிஷம் கிடைக்குமா? அந்தக் கடைசி வரி... எனக்குச் சரியாப் புரியலை."

"அதெல்லாம் ஒண்ணும் பெருசில்லம்மா. நாளைக்குப் பேசலாம்."

"சரி சார்."

நாளைக்கு என்பது வரவில்லை. அவள் மட்டும் மாறினாள். மாலையில் போகாமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் வயிற்றில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, அதன்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்தாள். பை ஆறினால் எழுந்து போய்க் கெட்டிலைப் போடுவாள். மாடி முழுக்க அந்த ரப்பர் வாசனை இருக்கும். யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, சூடு வச்சா சரியாயிடும்," என்பாள். மேலாளருக்கு அவளைப் பற்றிப் பெருமையாக இருந்தது. கருத்து வேலை செய்கிறது என்று நினைத்தார்.

அவள் இறந்த பிறகு சாமான்களை எடுத்துப் போகக் கணவர் வந்தார். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஜோடி செருப்பு, அந்த ரப்பர் பை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போகாமல் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவ வேலையில என்ன குறை?"

"குறையா? ஒண்ணுமே இல்லைங்க."

"இல்ல, ஏதோ எழுதியிருந்தீங்களாம். டாக்டர்கிட்ட போலாம்னு மாசாமாசம் கூப்பிட்டேன். லீவு போட்டா மறுபடி அதையே எழுதிடுவாங்க, இந்த மதிப்பீடு முடியட்டும்னா." துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "முடியட்டும்னுதான் சொன்னா."

மேலாளர் அப்போது அவரைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு அவரால் முடிந்த மரியாதை அது.

இப்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். போனவள் போனவள்தான். இருப்பவன் குழந்தைக்காரன். இந்த எண்ணை அவள் பார்க்கப் போவதில்லை. இதை இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்ட பிறகு, அவள் பெயருக்கு நேரே ரெண்டு என்று தட்டினார்.

கட்டம் சிவந்தது. முன்னேற வேண்டிய இடம்: காலியாக விட இயலாது.

கருத்து வங்கியைத் திறந்தார். தளம் உதவிக்கு வந்தது. 'இவருக்கு நீங்கள் முன்பு பயன்படுத்தியது' என்ற தலைப்பின் கீழ் அந்த வரி முதலில் நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அடுத்த கட்டம். கலந்துரையாடல் நடந்ததா? குறியிட்டார். நாளையும் நேரத்தையும் தளம் தானே நிரப்பிக்கொண்டது. இன்று. இப்போது.

தேநீர் அறையில் கெட்டில் முனகியது.

பிளக்கைப் பிடுங்கியிருந்தார். நன்றாக நினைவிருந்தது. கையில் அந்தக் கம்பியின் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது.

முனகல் கரகரப்பாயிற்று. கரகரப்பு குமுறலாயிற்று. மூடி நடுங்கியது.

டக்.

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். குறுகிய வாயுள்ள எதற்குள்ளோ ஊற்றும்போது வரும் சத்தம், களக், களக் என்று காற்றை விழுங்கி விழுங்கி. நிதானமாக. ஒரு சொட்டும் வெளியே சிந்திவிடக் கூடாதென்ற கவனத்தோடு. மூடி திருகும் சத்தம். ரப்பர் ரப்பரோடு உரசும் கீச்சு.

அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மாடியின் விளக்குகள் ஆள் அசைந்தால் எரிபவை. தேநீர் அறைக்கு வெளியே முதல் விளக்கு எரிந்தது. கீழே யாரும் இல்லை. அடுத்தது எரிந்தது. கம்பளத்தில் காலடி கேட்கவில்லை. தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும், நடைக்கு நடை. அடுத்தது. காகிதக் கட்டுகள் அடுக்கிய மேசைக்கு மேலே. அங்கே சற்று நின்றது. யாரோ தன் மேசையில் அடுக்கியிருப்பதைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது.

ரப்பர் வாசனை வந்தது.

கண்ணாடிக் கதவில் விரல் மடக்கித் தட்டும் சத்தம். மெதுவாக, இரண்டு முறை. அவள் எப்போதும் அப்படித்தான் தட்டுவாள், தொந்தரவுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பதுபோல.

"சார், வரலாமா? கலந்துரையாடல் இப்பன்னு வந்துச்சு."

அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பழகியவள்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே சால்வை. கழுத்தில் அடையாள அட்டை. அதிலிருந்த படத்தில் முகம் நிறைந்து இருந்தது. அட்டைக்கு மேலே இருந்த முகத்தில் அவ்வளவு இல்லை. கன்னத்துத் தோல் எலும்பில் ஒட்டியிருந்தது. உதட்டில் நிறமில்லை. மூக்கின் இருபுறமும் மூக்குக்கண்ணாடி அழுத்திய பள்ளங்கள் இருந்தன, கண்ணாடி இல்லை. பையை வயிற்றோடு அணைத்திருந்தாள். அது மட்டும் ஆவி விட்டது. அவளிடமிருந்து மூச்சு வரவில்லை.

சிரித்தாள். பயமுறுத்தும் சிரிப்பல்ல. தேர்வு முடிவுக்கு வந்து நிற்பவர்களின் சிரிப்பு. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்க எழுதினது சரிதான் சார். அப்போல்லாம் நான் நேரத்துக்குக் கிளம்பிடுவேன். பொண்ணுக்குப் பரீட்சை, அது இதுன்னு. இப்ப அப்படி இல்ல."

அவர் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ராத்திரியிலயும் இருக்கேன். ஞாயித்துக்கிழமையும் இருக்கேன். யாரும் கூப்பிடறதில்ல. ஆனா இருக்கேன் சார்." பையைச் சற்று மேலே இழுத்துக்கொண்டாள். தண்ணீர் அலம்பியது. "வீட்டுக்கே போறதில்ல."

வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அசைபவர் யாரும் இல்லாததால்.

"இந்த வருஷம் அதுல முன்னேறியிருக்கேனா?"

மேலாளரின் வாய் தானாகத் திறந்தது. பல ஆண்டுப் பழக்கம். "உங்க அர்ப்பணிப்பும்... குழுவுக்கு நீங்க தந்த பங்களிப்பும்..."

"அது எல்லாருக்கும் எழுதுறது சார்," என்றாள், அவரைச் சங்கடப்படுத்த விரும்பாத குரலில். "எனக்கு எழுதினதைச் சொல்லுங்க."

திரையை அவள் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவருடைய மூக்குக்கண்ணாடியில் தெரிந்த திரையின் நிழலைத் தேடிக்கொண்டிருந்தன. ஒரு ரெண்டு. ஒரு வரி. அதே வரி.

முன்னேறியிருக்கிறாய் என்று சொல்லிவிடலாம். அவள் சந்தோஷப்படுவாள். எழுந்து அந்த மேசைக்குப் போவாள். இன்னும் முன்னேறுவாள். அடுத்த வருடமும் வருவாள். அதற்கடுத்த வருடமும். எந்த ராத்திரியிலும் இருப்பாள்.

இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவள் எதற்காகச் செத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவருக்கு அழுகை வந்தது. பயத்தினாலா என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு நாள் வராதது.

"உங்ககிட்ட குறை எதுவும் இல்லம்மா."

அவள் சிரித்தபடி காத்திருந்தாள். பாராட்டுக்கு அப்புறம் ஒரு 'ஆனால்' வரும் என்று அந்த அலுவலகம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தது.

"ஆனால்னு ஒண்ணும் இல்ல. போன வருஷம் உங்களுக்கு அஞ்சு போட்டிருந்தேன். அவங்க மூணாக்கினாங்க. நான் சரின்னுட்டேன்." திரையைப் பார்க்காமல் பேசினார். "மூணுக்கு ஒரு குறை எழுதணும். கட்டத்தைக் காலியா விட முடியாது. ஒரு பட்டியல் இருக்கு. அதுல முதல்ல இருந்ததைத் தட்டினேன். படிச்சுக்கூடப் பார்க்கலை."

பையிலிருந்து ஆவி வருவது நின்றது.

"அப்ப அந்த வரி..."

"உங்களைப் பத்தினது இல்ல. யாரைப் பத்தினதும் இல்ல."

அவள் குனிந்து பையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. எடுக்க மறந்துபோன ஒன்றைப்போல.

"நான் நிஜம்னு நினைச்சுட்டேன் சார்," என்றாள்.

பிறகு தனக்குத்தானே:

"அவர் டாக்டர்கிட்ட போலாம்னார்."

அவர் ரெண்டை அழித்தார். ஐந்து என்று தட்டினார். வரியை அழித்தார். சான்று என்ற இடத்தில் கதவு உருளைகளைப் பற்றி எழுதினார், நிற்காமல் போன லிஃப்டுகளைப் பற்றி எழுதினார், எண்ணிக்கை ஏன் குறைந்ததென்று எழுதினார். பல ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு மனிதரைப் பற்றி எழுதினார். ஐந்து வாங்கியவருக்கும் அந்தக் கட்டம் உண்டு. அதில், 'எதுவும் இல்லை. இருந்ததாக எழுதியது நான் செய்த தவறு' என்று எழுதினார். எழுத்தளவு போதுமானதாக இருந்தது. தளம் ஏற்றுக்கொண்டது.

உடனே அடுத்த அறிவிப்பு வந்தது. பிரிவில் ரெண்டு வாங்கியவர் எவரும் இல்லை. ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் சமர்ப்பிக்க இயலாது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல்களை. ஒரு வரியைத் தட்டிய விரல்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்பவளைப்போல.

"முடிஞ்சதும்மா. நீங்க போகலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"போங்கம்மா. வீட்டுக்குப் போங்க."

அசையவில்லை.

ஜன்னல் சாம்பலானது. பிறகு வெளுத்தது. கூட்டுபவர் வந்து கண்ணாடிக்கு வெளியே துடைத்துவிட்டுப் போனார், உள்ளே பார்த்து அவருக்கு மட்டும் வணக்கம் வைத்தார். விளக்குகள் எரிந்தன. நாற்காலிகள் இழுபட்டன. யாரோ சிரித்தார்கள். கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கியது யார் என்று யாரோ கேட்டார்கள். பகல் வந்தால் போய்விடுவாள் என்று அவர் நம்பியிருந்தார். பகல் வந்து அவள் முகத்தில் விழுந்தது. கன்னத்துப் பள்ளங்கள் நன்றாகத் தெரிந்தன. அந்தச் சிரிப்பும்.

கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு புதுசு வந்தான்.

"என்ன சார், ராத்திரி முழுக்க இங்கேயேவா? வீட்டுல அண்ணி விரட்டிட்டாங்களா?"

"நீ... அப்புறம் வா."

"அப்புறமா? தளம் மூடப்போகுதுன்னு மனிதவளம் மேடம் எல்லாரையும் விரட்டுறாங்க. எனக்குக் கலந்துரையாடல் நடந்துடுச்சுன்னு நேத்தே மெயில் வந்துச்சு சார். என்ன பேசினோம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு நாற்காலியை இழுத்தான்.

"உக்காராத," என்றார் மேலாளர். சத்தம் வரவில்லை.

அவன் உட்கார்ந்தான். அவள் மேல். அவள் மடியில், அந்தப் பையின் மேல். தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

"யார் சார் இப்ப எழுந்து போனாங்க? சீட்டு வெதுவெதுன்னு இருக்கு."

அவன் முதுகுக்குப் பின்னால் சால்வை நெகிழ்ந்தது. அவள் மெல்ல முன்னே சாய்ந்தாள். நிறமில்லாத மோவாய் அவன் தோளில் வந்து படிந்தது. கன்னத்தோடு கன்னம்.

புதுசின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சட்டைப் பையில் கைக்குழந்தையின் பால்புட்டி மூடி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"சார், விளையாட்டு போகட்டும். போன தடவை ரெண்டு. இந்தத் தடவையும் அதுன்னா என் கதை முடிஞ்சுது, தெரியும். நம்பரை மாத்தச் சொல்லலை." கைகளைக் கோத்துக்கொண்டான். "எதுல முன்னேறணும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி. நீங்க என்ன எழுதுறீங்களோ, அதைப் பிடிச்சுக்கிட்டு உயிரைக் கொடுத்துச் செஞ்சிடறேன்."

மேலாளரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன.

அவன் தோளில் இருந்த முகம், பதிலைச் சரியாகக் கேட்பதற்காக, காதைச் சற்று முன்னே சாய்த்தது.